முகாமின் முதல் மாலை

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில், முதல் நாள் மாலை தேநீர் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், திட்ட அலுவலர் மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து தம்மைப் பற்றிப் பேசும் நேரம் ஒன்று உண்டு. அழைப்பிதழில் அது அச்சாவதில்லை. நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் ‘மாணவர் அறிமுகம்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். மாணவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதற்கு முன்னால் முகாமை நடத்துபவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில், அடுத்த ஆறு நாட்கள் எப்படி நடக்கும் என்பதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டு முழுவதும் நடக்கும் வழக்கமான பணிகளைத் தவிர, ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி வேலை செய்வதுதான் சிறப்பு முகாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நடக்கும். ஊர்ப் பள்ளிக்கட்டடமோ சமுதாயக் கூடமோதான் தங்குமிடம். வருபவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு, உறவினர் வீடு தவிர வேறோர் இடத்தில் படுத்துத் தூங்கப்போகும் முதல் இரவு அது.

காலையில் தொடக்க விழா நடந்திருக்கும். மேடை, பொன்னாடை, தலைமையாசிரியர், ஊராட்சி மன்றத் தலைவர், வாழ்த்துரை என்று அது முறைப்படி முடிந்திருக்கும். அங்கேயும் திட்ட அலுவலர் பேசியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு விருந்தினர்களை நோக்கியது. பிள்ளைகள் அப்போது பையை எங்கே வைப்பது, யார் பக்கத்தில் பாய் விரிப்பது என்ற யோசனையில் இருப்பார்கள். மாலையில் விருந்தினர்கள் போன பிறகு, வெளிச்சம் குறையக் குறைய, வேறு கேள்விகள் வருகின்றன. கழிப்பறை எங்கே? ராத்திரி பயமாக இருந்தால் யாரை எழுப்புவது? எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ? இந்தக் கேள்விகளை ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்பதில்லை. திட்ட அலுவலரின் அறிமுகம் இவற்றுக்கு, கேட்கப்படாமலே, பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் இயல்பாக எழும். பள்ளி முகாமில் திட்ட அலுவலர் வேற்றாள் அல்லவே. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்தானே. தெரிந்தவருக்கு எதற்கு அறிமுகம்? அந்தத் தெரிதல்தான் சிக்கலே. பிள்ளைகளுக்குத் தெரிந்தது வருகைப்பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் கையில் வைத்திருக்கும் ஒருவர். அவரிடம் தலைவலி என்றால் தேர்வுக்குப் பயந்து சொல்லும் சாக்கு என்று எண்ணிவிடுவாரோ என்ற தயக்கம் வகுப்பில் வளர்ந்தது. அதே தயக்கத்தோடு முகாமுக்கு வரும் பையன், காலில் முள் தைத்ததை மறைப்பான், காய்ச்சலை மறைப்பான். ஆகவே முதல் மாலையில் நடப்பது ஏற்கெனவே தெரிந்த ஒருவர், வேறொரு பொறுப்பில், தம்மை மறுபடியும் அறிமுகம் செய்துகொள்வது. வகுப்பறை உறவில் எது இந்த ஏழு நாளும் செல்லாது, எது இங்கேயும் செல்லும் என்பதை அவரே வாய்திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் பழைய உறவையே தொடர்வார்கள். அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை.

நேரமும் இருக்கையும் சின்ன விஷயங்கள்போலத் தோன்றும். சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் தூங்கிவிழுவார்கள். நன்றாக இருட்டிய பிறகு வைத்தால் முகம் தெரியாது, கொசு வேறு. ஆறரை மணிவாக்கில், விளக்கு நன்றாக எரியும் இடத்தில், ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவது நல்லது. திட்ட அலுவலரும் அதே ஜமுக்காளத்தில் உட்காரவேண்டும். அவருக்கு மட்டும் நாற்காலி போட்டால், மாணவர் தலைவன் ஒருவன் கட்டாயம் ஓடிப்போய் எடுத்துவருவான். அதை அன்போடு மறுத்துத் திருப்பி அனுப்புவதே அறிமுகத்தின் முதல் வாக்கியம் ஆகிவிடுகிறது. முழங்கால் வலி உள்ளவர் நாற்காலியில் உட்காரலாம். ஆனால் எதற்காக என்று சொல்லிவிட்டு உட்காரவேண்டும். ஊர்க்கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தால் அது ஓயும்வரை காத்திருப்பது மேல். கத்திப் பேசிய அறிமுகம் அதட்டலாகவே காதில் விழும்.

பேச்சு எப்படிப் போகும் என்பதை ஒரு மாதிரி முகாமை வைத்துப் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்று. மேல்நிலை முதலாண்டு மாணவர்கள் இருபத்தைந்து பேர், ஆண்களும் பெண்களுமாக. திட்ட அலுவலர் வேதியியல் ஆசிரியை. உடன் ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் தங்குகிறார்கள். ஊர் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து, சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்வதுதான் வேலை.

ஆசிரியை இப்படித் தொடங்குகிறார்: “என்னைய உங்களுக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி மிஸ்ஸு. ஸ்கூல்ல என் கையில மார்க் நோட்டு இருக்கும். அதை இங்க நான் கொண்டுவரல. இந்த ஏழு நாள்ல யாரு நல்லா மண்ணு வெட்டுனாலும் வெட்டாட்டியும், யாரு என்கிட்ட கோவிச்சுக்கிட்டாலும், உங்க பிராக்டிகல் மார்க்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

பட்டம், பணியாண்டு, வாங்கிய விருது எதுவும் இதில் இல்லை. பிள்ளைகள் மனத்தில் உள்ள மிகப் பெரிய அச்சத்தின் பெயரை முதல் மூச்சிலேயே சொல்லி, அதை விலக்கிவிடுகிறார். மேல்நிலை மாணவர்களுக்குச் செய்முறை மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பது பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த வாக்கை நிறைவேற்ற முடிந்தால் மட்டுமே சொல்லவேண்டும். மூன்றாம் நாள் கோபத்தில் “ஸ்கூலுக்கு வா, பாத்துக்கிறேன்” என்று ஒரே ஒருமுறை சொன்னாலும் முதல் மாலையில் பேசியது முழுவதும் வீணாகிவிடும்.

அடுத்து அவர் எதற்காக இங்கே இருக்கிறார் என்பது. இதற்குச் சேவையின் பெருமையைப் பற்றிய வாசகங்கள் உதவுவதில்லை. காலையில் மேடையில் அவை போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்டன. ஒரு சின்ன, உண்மையான நிகழ்ச்சி போதும். ஆசிரியை சொல்கிறார்: “இது நான் நடத்துற நாலாவது முகாம். முதல் முகாமுக்கு உங்க வயசுல போனேன். மம்பட்டிய எப்படிப் பிடிக்கணும்னு தெரியாது. மொத நாளே உள்ளங்கையில கொப்புளம். சொன்னா சிரிப்பாங்கன்னு துணியச் சுத்தி மறைச்சுட்டேன். மூணாம் நாள் சீழ் வச்சு, சோத்தப் பெசஞ்சு சாப்புட முடியல. மிச்ச நாளெல்லாம் சும்மா உக்காந்திருந்தேன். அதனால நாளைக்கு யாருக்கு மொதல்ல கொப்புளம் வருதோ அவங்க நேரா என்கிட்ட வாங்க.”

இந்தக் கதையில் வரிசைதான் முக்கியம். ‘நாலாவது முகாம்’ முதலில் வருகிறது. கொப்புளம் பிறகு வருகிறது. எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் தம் துணையாளர்களோடு நடத்திய சோதனை ஒன்று இதற்கான காரணத்தைக் காட்டுகிறது. வினாடிவினாப் போட்டிக்குத் தயாராகும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பதிவில் அவர் 92 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார். இன்னொன்றில் 30 விழுக்காட்டுக்கு மட்டுமே. இரு வகையிலும் சில பதிவுகளின் இறுதியில் அவர் தம் சட்டைமேல் காபியைக் கொட்டிக்கொண்டார். நன்றாகப் பதில் சொன்னவர் காபியைக் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை முன்பைவிட அதிகமாகப் பிடித்தது. சுமாராகச் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது அவர்மேல் இருந்த விருப்பம் இன்னும் குறைந்தது. திறமை தெரிந்த பிறகு வெளிப்படும் தடுமாற்றம் ஒருவரை நெருங்கத்தக்கவர் ஆக்குகிறது. திறமை தெரியாத இடத்தில் அதே தடுமாற்றம், இவரை நம்பி எப்படி ஏழு நாள் இருப்பது என்ற கவலையை உண்டாக்குகிறது. முதன்முறை முகாம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் பலர் பணிவின் பேரில் “எனக்கும் இது புதுசுதான், ஒண்ணும் தெரியாது” என்று தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் முதலில் செய்து முடித்ததைச் சொல்லலாம்: ஊருக்கு மூன்று முறை வந்து பார்த்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசிவைத்தது, தண்ணீர்த் தொட்டி கழுவியது. அவையும் திறமைதான். அவற்றைச் சொன்ன பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

தெரியாததைச் சொல்வதும் அறிமுகத்தின் ஒரு பகுதியே. “இந்த வாய்க்கால் எங்க ஆரம்பிச்சு எப்படி வருதுன்னு எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து காட்டுவார். அவர் சொல்றதுதான் கணக்கு, நான் சொல்றது இல்ல” என்கிறார் ஆசிரியை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஊராருக்குக் கற்றுக்கொடுக்க வந்ததாக நினைத்துக்கொள்வது இத்தகைய முகாம்களுக்குப் பழைய நோய். அதற்கு மருந்தாக ஒரு தனிச் சொற்பொழிவு வைப்பதைவிட, திட்ட அலுவலர் தம் அறியாமையை ஒரே வரியில் ஒப்புக்கொள்வது பிள்ளைகள் மனத்தில் நன்றாகப் பதிகிறது.

இதற்குப் பிறகு வருவது இந்த இரவு. அறிமுகத்தில் பிள்ளைகள் மிகக் கூர்ந்து கேட்கும் பகுதி இதுதான். நானும் இன்னொரு ஆசிரியையும் பெண்பிள்ளைகள் கூடத்தில் வாசல் பக்கம் படுப்போம், சார் பையன்கள் அறையில் வாசல் பக்கம் படுப்பார், தாழ்வார விளக்கு இரவு முழுக்க எரியும், கழிப்பறைக்கு இரண்டு பேராகப் போகவேண்டும், எத்தனை மணியானாலும் எழுப்பலாம் என்பன போன்ற விவரங்கள். “எழுப்பலாம்” என்பதை மட்டும் சொல்லிவிட்டுவிட்டால் எந்தப் பிள்ளையும் எழுப்பாது. தூங்கும் ஆசிரியையைத் தொட்டு எழுப்பும் துணிச்சல் பதினாறு வயதுக்கு வராது. எப்படி எழுப்புவது என்பதையும் சொல்லவேண்டும்: “என் பாய்க்குப் பக்கத்துல டார்ச் இருக்கும். அத எடுத்துக் காலைத் தட்டுங்க. எழுந்திருச்சிருவேன். கோவிக்க மாட்டேன்.” மாதவிடாய்க்கு வேண்டியவை எந்தப் பையில் இருக்கின்றன, அந்தப் பையை யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அவர் இதே குரலில், டார்ச்சைச் சொன்ன அதே எளிமையோடு, எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறார். பையன்கள் ஓரிருவர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அது பரவாயில்லை. பெண்களை மட்டும் தனியே கூப்பிட்டுக் கிசுகிசுப்பதுதான் அதை மறைக்கவேண்டிய ஒன்றாக மாற்றுகிறது.

பிறகு ஒரு கடினமான இடம். பிள்ளைகளோடு நெருங்கிப் பழக விரும்பும் பெரியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். “எதுனாலும் என்கிட்ட சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற அவர்களால் முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தவர் அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன பிறகு “இதை நான் வெளியே சொல்லித்தான் ஆகணும்” என்று தெரியவந்தால், அந்தப் பிள்ளை இரண்டாவது முறை ஏமாற்றப்பட்டதாக உணரும். அதனால் எல்லையை முன்கூட்டியே சொல்வது நேர்மையானது. ஆசிரியை சொல்லும் விதம் இது: “நீங்க சொல்றத நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய மாட்டேன். ஆனா உங்கள ஒருத்தர் கஷ்டப்படுத்துறாங்கன்னா, அத எனக்குள்ளயே வச்சுக்க எனக்கு உரிமை இல்ல. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்வேன். சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” கூடவே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார். திட்ட அலுவலர்மேலேயே ஒரு குறை இருந்தால் பிள்ளை போகவேண்டிய வழி அது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். தம் அதிகாரத்துக்கு மேலே வேறொரு கதவு திறந்திருக்கிறது என்று தலைமையில் இருப்பவரே சொல்வது, பிள்ளைகளுக்கு அவர்மேல் உள்ள மதிப்பைக் குறைப்பதில்லை.

விதிகள் என்று இந்த மாலையில் சொல்லவேண்டியவை மிகச் சில. முழு விதிப்பட்டியலை மறுநாள் காலை வரிசையில் நிற்கும்போது படித்துக்கொள்ளலாம். முதல் மாலையில், உயிருக்கு ஆபத்தானவற்றை மட்டும் திட்ட அலுவலர் தம் சொந்தக் கவலையாகச் சொல்கிறார். மழைக்காலத்தை ஒட்டிய முகாமில் அவற்றில் முதலாவது நீர்நிலை. “கண்மாய்லயோ கிணத்துலயோ ஒருத்தரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிஞ்சவங்களும்தான். இதுல மட்டும் நான் ஒரு தடவைக்கு மேல பேச மாட்டேன். இறங்குனா அன்னைக்கே வீட்டுக்கு போன் போட்டு, யாராவது வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிருவேன்.” இரண்டாவது, செருப்பில்லாமல் வரத்துக்காலில் இறங்கக் கூடாது; கருவேல் முள் காய்ந்த பிறகும் ரப்பர் செருப்பைத் துளைக்கும் என்பதால் தடித்த அடிப்பாகம் உள்ளதைப் போட்டுக்கொள்ளவேண்டும். இரண்டோடு நிறுத்தினால் இரண்டும் நினைவில் இருக்கும். இருபது சொன்னால் இருபதும் ஒரே எடையில் விழும். கண்மாயும் சீருடை மடிப்பும் ஒன்றாகிவிடும்.

இனி மாணவர்களின் முறை. முகாம் தலைவரின் அறிமுகம் ஓர் அச்சுப்போல வேலை செய்கிறது. அவர் எவ்வளவு நேரம், என்ன மாதிரி பேசினாரோ அதையே பிள்ளைகளும் பின்பற்றுவார்கள். அவர் பட்டங்களை அடுக்கியிருந்தால், இவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்வார்கள். பதின்பருவத்தினர் தங்களை எல்லாரும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதாக உணர்கிறார்கள் என்பதை டேவிட் எல்கைண்ட் 1967-இல் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்று பெயரிட்டு விளக்கினார். அந்த உணர்வோடு இருபத்தைந்து பேர் முன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல் எழுந்து நிற்பது ஒரு வதை. அதனால் ஆசிரியை தாமே முதலில் அச்சு வார்த்துக் காட்டுகிறார்: கூப்பிடும் பெயர், கைக்குத் தெரிந்த ஒரு வேலை, தட்டில் வைத்தால் சாப்பிட முடியாத ஒரு பண்டம். “எனக்கு நல்லா மாவு பெசையத் தெரியும். பாவக்கா எறங்காது.” உட்கார்ந்தபடியே சொல்லலாம், சொல்ல விருப்பமில்லாததை விட்டுவிடலாம் என்கிறார். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் அரைமணி நேரத்துக்குள் சுற்று முடிந்துவிடும். அந்தச் சுற்றில் சமையலுக்கும் வேலைப் பிரிவுக்கும் உண்மையில் தேவையான தகவலும் கிடைத்துவிடுகிறது. தையல் தெரிந்தவள், சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவன், ஆடு மேய்த்துப் பழகியதால் முள் வெட்டத் தெரிந்தவன் எல்லாரும் தெரிந்துவிடுகிறார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன் இங்கே முதல் ஆளாக வருவது பல முகாம்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த மூன்றோடு நிறுத்துவதற்கு அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மாணவர் அறிமுகம் என்றாலே “அப்பா என்ன செய்றார்? வீடு எந்தத் தெரு?” என்ற கேள்விகள் பழக்கத்தால் வந்துவிடும். கேட்பவர் கள்ளமில்லாமல் கேட்டாலும், நம் கிராமங்களில் தெருவின் பெயர் சாதியைச் சொல்லிவிடும். தந்தையின் தொழிலும் பெரும்பாலும் அப்படியே. அந்த ஒரு பதிலுக்குப் பிறகு யார் யார் பக்கத்தில் பாய் விரிக்கிறார்கள், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறார்கள் என்பது சத்தமில்லாமல் மாறத் தொடங்கும். பள்ளி மாணவர்களிடையே சாதிப் பிரிவினையைப் பற்றி ஆராய்ந்த நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு, 2024-இல் அளித்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிறுபோன்ற அடையாளங்களைத் தடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்லிவிட்டு, அறிமுகச் சுற்றில் தெருப்பெயரைக் கேட்டால் அதே அடையாளத்தை வாயால் கட்டிவிட்டதாகிறது. திட்ட அலுவலர் தம் அறிமுகத்தில் சொந்த ஊர்த் தெருவையோ குடும்பப் பெருமையையோ சொல்லாமல் இருப்பதும் இதனால்தான். ஆசிரியை கடைசியில் சேர்க்கும் வாக்கியம், சாதி என்ற சொல்லே இல்லாமல், இதைச் செய்துமுடிக்கிறது: “இன்னைக்கு ராத்திரி நான் பரிமாறுறேன். நாளையிலருந்து இந்த வட்டத்துல உக்காந்திருக்கிற வரிசப்படி நாலு நாலு பேரா பரிமாறணும். வரிசைய யாரும் மாத்திக்க வேண்டாம்.”

“ஏதாவது கேள்வி இருக்கா?” என்று கேட்டு முடிப்பது வழக்கம். பதில் மௌனமாகத்தான் இருக்கும். அந்த மௌனத்தை எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லி, ஒரு எவர்சில்வர் தூக்கில் போடச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. எழுத எதுவும் இல்லாதவர் வெறும் சீட்டை மடித்துப் போடலாம். அப்போதுதான் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது தெரியாது. சீட்டுகளில் வருவது பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருக்கும். அம்மாவிடம் பேச போன் எப்போது தருவீர்கள், குளிக்கிற இடத்தில் தாழ்ப்பாள் இல்லை, இருட்டு என்றால் பயம். தாழ்ப்பாள் சீட்டுக்கு அன்றிரவே ஒரு கயிறாவது கட்டிவிடவேண்டும். மற்றவற்றுக்கு அடுத்த நாள் மாலையில், யார் எழுதியது என்று ஊகிக்க முயலாமல், பதில் சொல்லலாம்.

இந்த அறிமுகம் கெட்டுப்போகும் வழிகளில் மூன்று அடிக்கடி பார்க்கக்கூடியவை. முதலாவது மிரட்டல்: முதல் மாலையே கட்டுப்பாட்டைப் பிடித்துவிடவேண்டும் என்று தண்டனைகளை அடுக்குவது. பிள்ளைகள் அமைதியாகத்தான் கேட்பார்கள். அந்த அமைதியில் ஏமாந்துவிடக் கூடாது. அவர்கள் அதன் பிறகு எல்லாவற்றையும் மறைக்கப் பழகுகிறார்கள். இரண்டாவது நீளம்: நாற்பது நிமிடம் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வது. மூன்றாவது, இவற்றைவிட ஆபத்தானது, அளவுக்கு மீறிய நெருக்கம். “என்னைய சார்னு கூப்புட வேணாம், ஃப்ரெண்டுன்னு நினைச்சுக்கோங்க” என்று தொடங்கி, சொந்த வீட்டுச் சண்டையையும் மேலதிகாரிமேல் உள்ள மனக்குறையையும் பிள்ளைகள்முன் கொட்டுவது, தனித்தனியே போன் எண் வாங்கிக்கொள்வது. கேட்கும் பிள்ளைக்கு இதில் ஒரு பெருமை இருக்கும். ஆனால் ஒரு பெரியவரின் துயரத்தைச் சுமக்கும் வேலையும் அதன் தலையில் விழுகிறது. அவர் தவறு செய்தால் சுட்டிக்காட்டும் உரிமை கைவிட்டுப் போகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தயங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்றுதான்: இந்தச் செய்தி பிள்ளைக்கு இந்த ஏழு நாளில் பயன்படுமா? கொப்புளக் கதை பயன்படும். மேலதிகாரிமேல் உள்ள கோபம் பயன்படாது.

‘எனக்கல்ல, உனக்கே’ என்ற பொருள்கொண்ட முழக்கத்தை உடைய ஒரு திட்டத்தில், தலைவர் ‘நான்’ என்று தொடங்கிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். மேலே சொன்ன பேச்சைக் கவனித்தால் ஒவ்வொரு ‘நான்’ வாக்கியமும் ‘நீங்கள்’ என்று முடிவதைப் பார்க்கலாம். எனக்குக் கொப்புளம் வந்தது, அதனால் நீங்கள் வாருங்கள். நான் இங்கே படுப்பேன், நீங்கள் எழுப்பலாம்.

அறிமுகம் பலித்ததா என்பது கைத்தட்டலில் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்டத்துக்கென்றே தாளம் வைத்த ஒரு கைத்தட்டல் இருக்கிறது. எல்லாப் பேச்சுக்கும் அது கிடைத்துவிடும். சாப்பாட்டுக்கு நிற்கும்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் “பாவக்கா”, “பஞ்சர்” என்று கேலி செய்யத் தொடங்கியிருந்தால், வட்டத்தில் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. இரவில் ஒரு முறையாவது டார்ச் தட்டினால், இன்னும் நல்லது. மறுநாள் காலை வேலை தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் யாராவது உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு வரவேண்டும். மம்பட்டி பிடித்துப் பழகாத இருபத்தைந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கொப்புளம் வராமல் இருக்காது. மதியம்வரை யாரும் வரவில்லை என்றால் மறைக்கிறார்கள் என்று பொருள். அப்போது திட்ட அலுவலர் தாமே போய் எல்லாருடைய கையையும் பார்க்கவேண்டும். அன்று மாலை வட்டத்தில் முந்தைய நாள் சொன்னதை, இன்னும் சுருக்கமாக, மறுபடி சொல்லவேண்டும். ஒரு பிள்ளையின் வயிற்றுவலி, அவளுடைய தோழி மூலமாக, சமையல் செய்யும் அம்மாவுக்குத் தெரிந்து, அவர் வழியாகத் திட்ட அலுவலருக்கு வந்தால் அதுவும் அதே அறிகுறிதான். ஆனால் அதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சமையல்கார அம்மாவைப் பிள்ளைகள் நம்புகிறார்கள். அடுத்த மாலை அவரையும் ஜமுக்காளத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவரும் தம்மைப் பற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு முகாமிலும் ஒருவரோ இருவரோ தாமதமாக வருவார்கள். வீட்டில் விசேஷம், காய்ச்சல், அப்பா விடவில்லை என்று ஏதோ ஒன்று. அவர்கள் முதல் மாலையில் இருக்கவில்லை என்பது எளிதில் மறந்துபோகும். வரத்துக்காலில் தெரியாமல் வெறுங்காலோடு இறங்குபவரும், இரவில் யாரை எழுப்புவது என்று தெரியாமல் விழித்துக் கிடப்பவரும் பெரும்பாலும் இவர்கள்தான். வந்த அன்றே தேநீர் நேரத்தில் திட்ட அலுவலர் அவர்களை இன்னொரு மாணவரோடு சேர்த்து உட்காரவைத்து, மார்க் நோட்டு, கொப்புளம், டார்ச், கண்மாய், செருப்பு என்று அதே பேச்சை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடவேண்டும். பிறகு பெயரையும், கைக்குத் தெரிந்த வேலையையும், சாப்பிட முடியாத பண்டத்தையும் கேட்டுக்கொண்டு, பரிமாறும் வரிசையின் கடைசியில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.